படம் ஓட ஓடச் சப்டைட்டில் பின்தங்குகிறது: குறை செயலியிலா, கோப்பிலா?

கதிரவன்_ப

அனைவருக்கும் வணக்கம். ஒரு ஓடிடி தளத்தில் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓர் அயல்மொழிப் படம். மூல மொழி ஒலியை வைத்துக்கொண்டு தமிழ் சப்டைட்டிலோடு பார்த்தேன். தொடக்கத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. பாதிப் படத்துக்கு வரும்போது, பேசுகிறவர் வாயை மூடிய பிறகு எழுத்து வருகிறது. கடைசியில் வாதப் பிரதிவாதக் காட்சி ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் கேட்கும் கேள்வி, அடுத்தவர் பதில் சொல்லி முடிக்கும் வேளையில்தான் திரையில் வருகிறது. யார் யாரைக் குற்றம் சாட்டுகிறார் என்றே புரியவில்லை.

செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். டிவியை அணைத்துப் போட்டேன். கைப்பேசியிலும் பார்த்தேன், அங்கும் இதே கதை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "கேஷை அழியுங்கள்" என்கிறார்கள். அழித்தாயிற்று. இது யார் பக்கக் குறை? என்னால் ஏதாவது செய்ய முடியுமா?

முகில்வேந்தன்

நெட் வேகம் குறைவாக இருந்தால் இப்படித்தான் ஆகும். படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் இறங்குகிறது அல்லவா, எழுத்து தாமதமாக வந்து சேர்கிறது. இல்லையென்றால் ப்ளூடூத் ஹெட்ஃபோன். எனக்கு ப்ளூடூத் போட்டால் உதடும் குரலும் ஒட்டுவதே இல்லை. கம்பி வைத்த ஹெட்ஃபோனுக்கு மாறிப் பாருங்கள், சரியாகிவிடும்.

தேன்மொழி_வரி

முகில்வேந்தன், ப்ளூடூத் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, ஆனால் கதிரவனின் நோய் அதுவல்ல. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்கும் வேலைக்கு நேரம் பிடிக்கும். சாதாரண ஹெட்ஃபோன்களில் அது நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை போகும். முதல் நிமிடத்தில் எவ்வளவோ, கடைசி நிமிடத்திலும் அவ்வளவுதான். அதோடு, பிந்துவது ஒலி, எழுத்து அல்ல. ஒலி பிந்தினால் எழுத்து முந்தியதாகத்தான் தெரியும். இவருக்கு நேர்மாறாக இருக்கிறது.

நெட் வேகமும் காரணமல்ல. சப்டைட்டில் கோப்பு மிகச் சிறியது. ஒவ்வொரு வரிக்கும் "இந்த நேரத்தில் தோன்று, இந்த நேரத்தில் மறை" என்று அதிலேயே எழுதியிருக்கும். இறங்கத் தாமதமானால் அந்த வரி வராமலே போகும், அல்லது படம் சுழன்றுகொண்டு நிற்கும். ஒழுங்காக நாலு நொடி பிந்தி வராது.

கதிரவன், நான் சப்டைட்டிலுக்கு நேரம் குறிக்கும் வேலையில் இருக்கிறேன். ஊகித்துக்கொண்டிருக்காமல் அளந்துவிடலாம். படத்தில் தூரமாக இருக்கிற மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான வசனம் வேண்டாம், யாராவது சட்டென்று ஒரு பெயரைக் கூப்பிடுவது, "நில்!" என்று கத்துவது போன்ற இடமாகப் பாருங்கள். குரல் எழும் நொடியில் நிறுத்தி நேரத்தைக் குறியுங்கள். பிறகு அந்த வரி தோன்றும் நொடியில் நிறுத்திக் குறியுங்கள். திரையில் ஓடும் நேரம் முழு நொடியாகத்தான் காட்டும், அதனால் முதல் இடத்தில் துல்லியம் கிடைக்காது, பரவாயில்லை. கைப்பேசியில் நொடிமானி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதீர்கள்: அதே படத்தில் வேறொரு மொழி சப்டைட்டிலைப் போட்டு அதே இடங்களைப் பாருங்கள்.

செல்வி.இரா

இதே தொல்லைதான் எனக்கும்! எங்கள் வீட்டு டிவியில் தமிழ் ஒலியே வரவில்லை. கைப்பேசியில் அதே படத்துக்குத் தமிழ் இருக்கிறது. டிவியில் நாலைந்து மொழிகள் காட்டுகிறது, தமிழ் மட்டும் இல்லை. இதற்கும் அளக்க வேண்டுமா?

தேன்மொழி_வரி

செல்வி, உங்களுடையது வேறு சங்கதி. அளக்க வேண்டாம். ஒரே படம், ஒரே கணக்கு, கைப்பேசியில் இருந்து டிவியில் இல்லை என்றால் உரிமைப் பிரச்சினை இல்லை. தமிழ் ஒலித் தடம் தளத்தில் இருக்கிறது, டிவிதான் காட்ட மறுக்கிறது. சில தளங்கள் டிவியில் எல்லா மொழிகளையும் வரிசைப்படுத்துவதில்லை. நீங்கள் இருக்கும் நாட்டையும் உங்கள் சுயவிவரத்தின் மொழியையும் பார்த்து, பொருத்தம் என்று அவர்கள் கருதும் சிலவற்றை மட்டும் காட்டும். கணினியின் உலாவியில் உள்நுழைந்து, டிவியில் எந்தச் சுயவிவரத்தில் பார்க்கிறீர்களோ அதே சுயவிவரத்தின் மொழியமைப்பில் தமிழைச் சேருங்கள். பிறகு டிவியில் வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

செல்வி.இரா

டிவியில் என் கணவரின் சுயவிவரம் ஓடுகிறது, கைப்பேசியில் என்னுடையது. அவருடையதில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கிறது. இன்று இரவு மாற்றிப் பார்த்துச் சொல்கிறேன்.

கதிரவன்_ப

தேன்மொழி அவர்களுக்கு நன்றி. அளந்துவிட்டேன்.

10 நிமிடத்தில் ஒருவர் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எழுத்து அரை நொடியோ அதற்குக் கொஞ்சம் மேலோ பிந்துகிறது. முன்பு கவனிக்கவே இல்லை. 1 மணி 5 நிமிடத்தில் ஒரு கதவைத் தட்டிக்கொண்டு கத்தும் இடம்: 4 நொடி. 2 மணி 10 நிமிடத்தில்: 8 நொடிக்கு ஒரு மயிரிழை குறைவு.

ஆங்கில சப்டைட்டில் மூன்று இடத்திலும் குரலோடு ஒட்டி வருகிறது. இதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபமே வந்தது.

தேன்மொழி_வரி

அப்படியானால் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. 1 மணி 5 நிமிடம் என்பது 3900 நொடி, அங்கே 4. இரண்டு மடங்கு தூரத்தில், 7800 நொடியில், 8. 600 நொடியில் சற்றேறக்குறைய 0.6. எங்கே எடுத்தாலும் ஆயிரத்துக்கு ஒன்று. பின்னோக்கிக் கொண்டுபோனால் படத்தின் தொடக்கத்தில் பிழை சுழியம். ஆக, கோப்பு ஓரிடத்தில் இடம்பெயர்ந்து நிற்கவில்லை. முழுக் கோப்பும் ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்டப்பட்டிருக்கிறது.

இந்த ஆயிரத்தில் ஒன்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பேர்வழி. திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம். ஆனால் தொலைக்காட்சி வழியில் வந்த பிரதிகள் நொடிக்கு 23.976 ஃப்ரேம். அந்த 23.976 என்பது துல்லியமாக 24000-ஐ 1001-ஆல் வகுத்தால் கிடைப்பது. ஒரே படம், அதே ஃப்ரேம்கள், 23.976-இல் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி கூடுதலாக ஓடும். தமிழ் வரிகளை எழுதியவருக்கு 23.976 பிரதி கொடுத்திருக்கிறார்கள். அவர் அந்தக் கடிகாரப்படி சரியாகத்தான் நேரம் குறித்திருக்கிறார். தளத்தில் ஏறியது 24 பிரதி. அது சற்று வேகமாக ஓடுகிறது, தமிழ் வரிகள் பழைய கடிகாரத்தில் நடந்துவருகின்றன.

எழுத்து பிந்தினால் கோப்பு நீளமான பிரதிக்குச் செய்தது. முந்தினால் குட்டையான பிரதிக்குச் செய்தது. உங்களுடையது முதல் வகை. ஐரோப்பியத் தொலைக்காட்சியின் 25 ஃப்ரேம் பிரதியோடு குழம்பியிருந்தால் 2 மணி 10 நிமிடத்தில் பிழை 8 நொடி இருக்காது, ஐந்து நிமிடத்துக்கும் மேல் போயிருக்கும். அந்தக் குளறுபடியை எவரும் பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆயிரத்தில் ஒன்றுதான் சோதனையில் தப்பிவிடும், ஏனென்றால் சோதிப்பவர் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

முகில்வேந்தன்

ஃப்ரேம் என்று சொல்லிவிட்டீர்கள், இப்போது புரிகிறது. டிவி நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது, படமோ 24. 60-ஐ 24-ஆல் வகுத்தால் முழு எண் வருவதில்லை. அந்த மிச்சம்தான் சேர்ந்து சேர்ந்து 8 நொடி ஆகிறது. டிவி அமைப்பில் 24-க்கு மாற்றினால் போதும்.

தேன்மொழி_வரி

வகுத்தால் மிச்சம் வருவது சரி, அது சேர்வதில்லை. ஒரு ஃப்ரேமை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் மாற்றி மாற்றிக் காட்டி டிவி அந்தக் கணக்கை அவ்வப்போதே தீர்த்துவிடும். கேமரா மெல்லத் திரும்பும் காட்சியில் லேசான நடுக்கம் தெரியும், அவ்வளவே. படத்தின் மொத்த நீளம் மாறாது. டிவிதான் காரணமென்றால் ஆங்கில வரிகளும் பிந்தியிருக்க வேண்டும், கைப்பேசியில் குறை இருந்திருக்கக் கூடாது. அதனால்தான் வேறு மொழியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

பழைய_வானொலி

இளையவர்களே, இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஒலிப்பதிவில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவன். இந்த 1001 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலே சொல்லும் வயது எனக்கு.

அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு விதிமுறை வகுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களும் அதே ஒளிபரப்பைப் பார்க்க வேண்டும். வண்ணத்துக்கென்று புதிதாகச் சேர்த்த அலையும் ஏற்கெனவே இருந்த ஒலி அலையும் ஒன்றோடொன்று உரசித் திரையில் புள்ளிக்கோலம் தெரியும் என்பதால், நொடிக்கு 30 என்றிருந்த ஃப்ரேம் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு தணித்தார்கள். 30 என்பது 29.97 ஆயிற்று, அதற்கு ஒத்துப்போக 24 என்பது 23.976 ஆயிற்று. அந்தப் பெட்டிகள் எல்லாம் பரணிலிருந்துகூடப் போய்விட்டன. கதிரவன் தம்பியின் வழக்குக் காட்சியில் எட்டு நொடியாக அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

கதிரவன்_ப

ஐயா, அந்த எட்டு நொடிக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருக்கும் என்று நினைக்கவில்லை!

தேன்மொழி அவர்களே, செயலிக்குள் எழுத்தளவு, நிறம் மட்டும்தான் மாற்ற முடிகிறது. நேரத்தை நகர்த்த வழியே இல்லை. வேறு ஏதேனும் உண்டா?

தேன்மொழி_வரி

செயலிக்குள் இல்லை. நகர்த்தும் பொத்தான் இருந்திருந்தாலும் உங்களுக்குப் பாதிதான் உதவியிருக்கும். 4 நொடி முன்னால் தள்ளினால் நடுப்படம் சரியாகும், தொடக்கத்தில் நாலு நொடி முந்தும், முடிவில் நாலு நொடி பிந்தும். உங்களுக்குத் தேவை நகர்த்தல் அல்ல, சுருக்கல்.

சொந்தமாக வைத்திருக்கும் படக் கோப்புக்கும் தனி சப்டைட்டில் கோப்புக்கும் இந்தக் குறை வந்தால் ஒரு வரியில் தீர்க்கலாம். mpv பிளேயரில் இப்படி:

```
mpv --sub-speed=1000/1001 --sub-file=tamil.srt film.mkv
```

வரிகளின் நேரம் ஒவ்வொன்றையும் அந்தப் பின்னத்தால் பெருக்கிக்கொண்டு காட்டும். எழுத்து முந்தும் வகையாக இருந்தால் பின்னத்தைத் தலைகீழாகப் போட வேண்டும்.

ஓடிடியில் அவர்கள்தான் மாற்ற வேண்டும். புகார் எழுதும்போது "சப்டைட்டில் வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள், மறுபடி கேஷுக்கே அனுப்புவார்கள். படத்தின் பெயர், தமிழ் வரிகள் மட்டும், மூன்று நேரங்களும் மூன்று பிழைகளும், ஆங்கில வரிகளில் குறை இல்லை, இரண்டு கருவிகளில் பார்த்தாயிற்று. கடைசியில் "இது கருவிக் குறை அல்ல, உள்ளடக்கக் குறை, உள்ளடக்கப் பிரிவுக்கு அனுப்பவும்" என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் முதல் மேசையைத் தாண்டாது.

குறும்படக்காரன்

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. நாங்கள் நண்பர்கள் சேர்ந்து எடுத்த குறும்படத்தை எங்கள் சொந்தத் தளத்திலேயே, வீடியோவைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பும் எச்எல்எஸ் முறையில் ஓடவிடுகிறோம். சப்டைட்டில் பிந்துகிறது. ஆனால் கூடிக்கொண்டே போகவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே அளவு, எட்டரை நொடிக்குச் சற்று மேல். 24-க்கும் 23.976-க்கும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், அசையவில்லை. கணினியில் அதே கோப்பை விஎல்சியில் போட்டால் கச்சிதமாக வருகிறது. தளத்தில் ஏற்றினால்தான் இப்படி.

தேன்மொழி_வரி

ஒரே அளவென்றால் ஃப்ரேம் வேகத்தைத் தொடவே வேண்டாம். உங்கள் சப்டைட்டில் கோப்பின் முதல் இரண்டு வரிகளை இங்கே ஒட்டுங்கள். வீடியோவை எதைக் கொண்டு துண்டுகளாக வெட்டினீர்கள்?

குறும்படக்காரன்

ffmpeg கொண்டு வெட்டினேன். சப்டைட்டில் இப்படித் தொடங்குகிறது. இரண்டாவது வரி ஒரு வழிகாட்டிப் பக்கத்தில் இருந்தது, அப்படியே எடுத்துப் போட்டேன்.

```
WEBVTT
X-TIMESTAMP-MAP=MPEGTS:900000,LOCAL:00:00:00.000
```

தேன்மொழி_வரி

அந்த இரண்டாவது வரிதான். வீடியோத் துண்டுகளுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, நொடிக்கு 90,000 துடிப்பு. அது சுழியத்தில் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "என் சுழிய நேரமும் உன் கடிகாரத்தின் இந்த எண்ணும் ஒரே கணம்" என்று சப்டைட்டில் சொல்லும் இடம் அந்த வரி. 900000 என்றால் பத்தாவது நொடி. ஆப்பிளின் பழைய வெட்டும் கருவி கடிகாரத்தைப் பத்தாவது நொடியில் தொடங்கும், அதனால் அதை வைத்து எழுதிய வழிகாட்டிகளில் எல்லாம் இந்த எண் இருக்கிறது. ffmpeg அப்படித் தொடங்குவதில்லை. உங்கள் முதல் துண்டைக் கேட்டுப் பாருங்கள்:

```
ffprobe -v error -show_entries stream=codec_type,start_time seg0.ts
```

குறும்படக்காரன்

ஒலி, வீடியோ இரண்டுக்கும் 1.400000 என்று வருகிறது.

தேன்மொழி_வரி

உங்கள் வீடியோ 1.4-இல் தொடங்குகிறது, சப்டைட்டிலோ 10-ஐத் தன் தொடக்கம் என்று நம்புகிறது. வித்தியாசம் 8.6. நீங்கள் கண்ணால் பார்த்த எட்டரைச் சொச்சம் இதுதான். 1.4-ஐ 90,000-ஆல் பெருக்கினால் 126000. அந்த வரியில் 900000 இருக்கும் இடத்தில் 126000 போடுங்கள். வரியையே எடுத்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம்: அது இல்லாவிட்டால் பிளேயர் சுழியம் என்று எடுத்துக்கொண்டு 1.4 நொடி முந்தவிடும். சப்டைட்டிலையும் துண்டு துண்டாக வெட்டியிருந்தால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் இந்த வரி இருக்க வேண்டும்.

விஎல்சியில் சரியாக வந்தது ஏனென்றால் அங்கே நீங்கள் போட்டது வெட்டுவதற்கு முந்தைய முழுக் கோப்பு.

குறும்படக்காரன்

126000 போட்டதும் ஒட்டிக்கொண்டது. கணினியின் உலாவி, கைப்பேசி இரண்டிலும் பார்த்துவிட்டேன். வாரக்கணக்கில் ஃப்ரேமைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன், அக்கா.

நீலாம்பரி

சப்டைட்டில் பற்றியே பேசுகிறீர்கள், டப்பிங் ஒலி பற்றிக் கேட்கலாமா? ஒரு படத்தின் தமிழ் ஒலி முதல் முக்கால் மணி நேரம் உதட்டோடு ஒட்டிப் போகிறது. (டப்பிங்கில் எவ்வளவு ஒட்டுமோ அவ்வளவு.) பிறகு ஒரு மலைப்பாதைத் துரத்தல் வருகிறது. அது முடிந்ததும் கதவு சாத்துவதற்கு முன்பே சாத்தும் சத்தம் கேட்கிறது. இரண்டு நொடி முந்துகிறது என்று நினைக்கிறேன். கடைசி வரை அந்த இரண்டு நொடி அப்படியே இருக்கிறது, கூடவில்லை, குறையவில்லை. மூல மொழி ஒலியில் குறை இல்லை.

முகில்வேந்தன்

விளம்பரம் வரும் சந்தாவா? எனக்கு விளம்பரம் முடிந்து படம் திரும்பும்போது இப்படி ஆகும். வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் சரியாகிவிடும்.

நீலாம்பரி

விளம்பரம் இல்லாத சந்தா. வெளியே வந்து உள்ளே போனாலும், மறுநாள் பார்த்தாலும், அதே துரத்தலுக்குப் பிறகு அதே குறை.

பழைய_வானொலி

அம்மா, இது என் பேட்டை. முகில்வேந்தன் தம்பி சொன்னது நடப்பதுதான். விளம்பரத்தைப் படத்தோடு தைத்து அனுப்பும்போது பிளேயரின் கணக்கு தப்பும். ஆனால் அது நிலையாக நிற்காது, வெளியே வந்தால் கணக்குப் புதிதாகத் தொடங்கும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நடக்கிறது, தமிழ்த் தடத்தில் மட்டும் நடக்கிறது. எனவே குறை தடத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

எப்படி நேரும் என்றால், டப்பிங்குக்குப் படம் அனுப்பும்போது தொகுப்பு முற்றிலும் முடிந்திருக்காது. தமிழ்க் குரல்களைப் பதிந்து, கலந்து, தடத்தை அனுப்பிவிடுவார்கள். அதன்பின் தொகுப்பாளர் அந்தத் துரத்தலில் கையை வைக்கிறார். உங்கள் படத்தில் ஒலி முந்துகிறது என்பதால் படத்தில் ஏதோ சேர்ந்திருக்கிறது, நொடிக்கு 24 என்றால் 48 ஃப்ரேம் அளவுக்கு. அல்லது தமிழ்த் தடத்தில் அந்த அளவு உதிர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தொகுப்பு மாற்றத்துக்கும் மாற்றப் பட்டியல் ஒன்று வரும், அதை வைத்து எல்லா மொழித் தடங்களையும் வெட்டி ஒட்டிப் பொருத்த வேண்டும். அந்தப் பட்டியல் தமிழ்த் தடத்தைப் பொருத்தியவர் மேசைக்கு வந்து சேரவில்லை போலும். துரத்தல் காட்சியில் வசனமே இல்லை அல்லவா? இரைச்சலும் இசையும் மட்டும் இருக்கும் இடத்தில் இரண்டு நொடி பிசகினால் காதில் உறைக்காது. காட்சி முடிந்து ஆள் வாயைத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒலி முந்துவது பிந்துவதைவிட மோசம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்கிறார், பிந்தினால் 125 வரை தெரிவதில்லை என்று இருக்கிறது. தூரத்தில் விறகு பிளப்பவனைப் பார்த்தால் கோடரி இறங்கிய பிறகுதான் சத்தம் வரும். அதற்குப் பழகிய காது நமக்கு. சத்தம் வந்த பிறகு கோடரி இறங்குவதை எவரும் பார்த்ததில்லை. உங்களுக்கு 2000 மில்லிநொடி! எப்படிப் பார்த்து முடித்தீர்கள் என்பதே வியப்பு.

நீலாம்பரி

முடிக்கவில்லை ஐயா, மூல மொழிக்கு மாற்றிவிட்டேன். துரத்தலில் வசனம் இல்லை என்பது சரி. ஆனால் என் தோழி வேறொரு நாட்டில் அதே தளத்தில் அதே படத்தைத் தமிழில் பார்த்தாள், அவளுக்குக் குறையே இல்லை என்கிறாள். தடத்துக்குள் பதிந்த குறை என்றால் அவளுக்கும் இருக்க வேண்டுமே?

தேன்மொழி_வரி

நாட்டுக்கு நாடு வெட்டு மாறும். தணிக்கைக்காகவோ வயது வரம்புக்காகவோ ஒரு பிரதியில் சில ஷாட்கள் குறையும், இன்னொன்றில் இருக்கும். தமிழ்த் தடம் உங்கள் தோழிக்குக் கிடைக்கும் பிரதிக்கு அளந்ததாக இருக்கலாம். நீங்கள் பார்ப்பது இரண்டு நொடி நீளமான பிரதி. இருவரும் படத்தின் மொத்த நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தளத்தில் நிமிடக் கணக்கில்தான் போட்டிருப்பார்கள், அது போதாது. பிளேயரில் கடைசிவரை இழுத்து நொடியைப் பாருங்கள்.

பழைய_வானொலி

தேன்மொழி சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. தணிக்கை வெட்டு என்றால் வன்முறையிலோ படுக்கையறையிலோ இருக்கும். மலைப்பாதைத் துரத்தலில் இரண்டு நொடியை எந்த அதிகாரி வெட்டுவார்? நான் மாற்றப் பட்டியலைத்தான் சந்தேகிப்பேன். தோழி பார்ப்பது பின்னர் திருத்திய தடமாக இருக்கலாம்.

நீலாம்பரி

துரத்தலின் முடிவில் ஒருவர் கண்ணாடியில் மோதி விழுவார். கொஞ்சம் கோரமாகவே இருக்கும். தோழியிடம் அது வருகிறதா என்று கேட்டிருக்கிறேன், அவள் கவனித்ததாக நினைவில்லையாம்.

முகில்வேந்தன்

ப்ளூடூத்துக்கு யாரும் மருந்து சொல்லவில்லையே. எனக்கு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் குறையில்லை, ஹெட்ஃபோனில் மட்டும் பிந்துகிறது. டிவி அமைப்பில் ஒலித் தாமதம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிறது.

தேன்மொழி_வரி

அது ஒலியை மேலும் பிந்தவைக்கும் அமைப்பு. படம் பிந்தி, ஒலி முந்தும் வீடுகளுக்காக வைத்தது. உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. அதற்குப் படத்தைப் பிந்தவைக்க வேண்டும், டிவிகள் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. கைப்பேசியில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாததற்குக் காரணம், ஹெட்ஃபோன் எவ்வளவு பிந்தும் என்று கணித்து வீடியோச் செயலி படத்தையும் அந்த அளவுக்கு நிறுத்திவைக்கும். டிவி அமைப்பில் அந்த அளவை சுழியத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். யாராவது ஏற்கெனவே கூட்டி வைத்திருந்தால் அந்த அளவாவது மிச்சம்.

செல்வி.இரா

சுயவிவரத்தில் தமிழைச் சேர்த்ததும் டிவியில் தமிழ் ஒலி வந்துவிட்டது. ஆனால் பயணத்துக்காகக் கைப்பேசியில் பதிவிறக்கிய அதே படத்தில் இப்போது தமிழ் இல்லை! நேரடியாக ஓடவிட்டால் இருக்கிறது.

தேன்மொழி_வரி

பதிவிறக்கும்போது எல்லா மொழித் தடங்களும் இறங்குவதில்லை, இடம் மிச்சப்படுத்தச் சிலவற்றையே எடுத்துக்கொள்ளும். அதை அழித்துவிட்டு, முதலில் படத்தைச் சில நொடிகள் தமிழ் ஒலியில் ஓடவிட்டு, பிறகு பதிவிறக்குங்கள். சில செயலிகளில் பதிவிறக்க அமைப்பிலேயே மொழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

கதிரவன்_ப

உள்ளடக்கப் பிரிவு என்ற வாக்கியம் வேலை செய்தது. முதலில் கேஷ் பற்றிய அதே பதில்தான் வந்தது. மூன்று நேரங்களையும் மறுபடி எழுதி, அந்த வாக்கியத்தோடு அனுப்பினேன். அதன்பின் வேறொருவர் எழுதினார், தமிழ்க் கோப்பை மாற்றப் போவதாகச் சொன்னார். நேற்றுப் பார்த்தேன்: 2 மணி 10 நிமிடத்தில் குரலும் எழுத்தும் ஒன்றாக வருகின்றன.

அம்மாவின் டேப்லெட்டில் முன்பே பதிவிறக்கி வைத்த பிரதியில் மட்டும் இன்னும் எட்டு நொடி பிந்துகிறது. பழைய சப்டைட்டிலும் சேர்ந்து இறங்கியதால் அப்படியே தங்கிவிட்டது என்று புரிகிறது, அழித்துவிட்டு மறுபடி இறக்குகிறேன். ஆனால் புதுக் கோப்பில் வேறொரு குறை தெரிகிறது. படத்தில் கடிதம், பெயர்ப்பலகை, செய்தித்தாள் தலைப்பு காட்டும் இடங்களில் முன்பு தமிழ் வரி வந்தது, இப்போது வரவில்லை. வசனம் மட்டும்தான் இருக்கிறது. இதையும் அளக்க வேண்டுமா?

தேன்மொழி_வரி

அளக்க ஒன்றுமில்லை. திரையில் தெரியும் எழுத்துகளுக்கான வரிகளைச் சில இடங்களில் தனிக் கோப்பாக வைப்பார்கள், டப்பிங் ஒலியோடு பார்ப்பவர்களுக்குத் தானாக ஓடுவதற்காக. மாற்றும்போது வசனக் கோப்பை மட்டும் ஏற்றியிருக்கக்கூடும். தமிழ் ஒலி இருந்தால் அதைப் போட்டு, சப்டைட்டிலை அணைத்துவிட்டு, அந்தக் கடிதக் காட்சியைப் பாருங்கள். அப்போது வரி வருகிறதா?

கதிரவன்_ப

இந்தப் படத்துக்குத் தமிழ் ஒலி கிடையாது. காட்சிகளின் நேரங்களைக் குறித்துக்கொண்டு மறுபடி அதே நபருக்கு எழுதுகிறேன்.